சித்திக்கு ஒரு மறுப்புக் கடிதம்

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வயது 39. கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் மதுரையில் சித்தி வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஒரு பைசா வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டவர். இப்போது அவர் நேரடி விற்பனைத் திட்டம் ஒன்றில் சேர்ந்து, தனக்குக் கீழே என்னையும் சேரச் சொல்கிறார். முதலில் ரூ.16,800-க்குப் பொருள் எடுக்க வேண்டுமாம்; பிறகு மாதாமாதம் ரூ.2,500-க்கு வாங்க வேண்டுமாம். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று கீழே ஆள் சேர்ந்தால் ஜோடிக்கு ரூ.800 கிடைக்குமாம். மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் சித்தி சேர்ந்தார் என்று அவர் மகன் என்னிடம் தனியாகச் சொன்னான். “நேரமில்லை”, “அவரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று இரண்டு மாதமாகத் தள்ளிக்கொண்டே வருகிறேன். எனக்குச் சேர விருப்பமில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிப் பதில் எழுதுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இதுவரை சொன்ன இரண்டு காரணங்களும் சித்தியின் காதில் மறுப்பாக விழுந்திருக்காது. அதில் அவர் பிழை எதுவும் இல்லை. இத்தகைய திட்டங்களில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு வேலைகள் தரப்படும். தெரிந்தவர்கள், உறவினர்கள் என்று நூறு பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள்; அந்த நூறு பேரும் வழக்கமாகச் சொல்லக்கூடிய தடைகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடமும் எடுப்பார்கள். பணமில்லை என்றால் தவணையில் எடுக்கலாம், நேரமில்லை என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றால் அவரையும் கூட்டத்துக்கு அழைத்து வா என்று ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமான பதில் இருக்கிறது. ஆகவே நீங்கள் “நேரமில்லை” என்று சொன்னபோது, நேரம் கிடைத்தால் சேர்ந்துவிடுவாள் என்றுதான் அவர் புரிந்துகொண்டிருப்பார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் பெரியப்பா வீட்டு அண்ணி இப்படி ஒரு திட்டத்துடன் வந்தபோது, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் அத்தனை தெளிவாகப் பேசுகிற நான், “ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு, அண்ணி” என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அண்ணியும், அவருக்கு மேலே இருந்த ஒருவரும், ஒரு வெள்ளைப் பலகையும் என் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். ஒன்பது மாதம் இழுபட்டு, கடைசியில் ஒரு வளைகாப்பு வீட்டின் பந்தியில், சாம்பார் வாளிக்கு நடுவே, நான் சொல்லக் கூடாத தொனியில் சொல்லி முடித்தேன். முதல் வாரமே பக்குவமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் வருத்தத்தோடு போயிருக்கும்.

எனவே உங்கள் பதிலில் காரணத்தை விட முடிவுதான் முன்னால் நிற்க வேண்டும். சரிசெய்யக்கூடிய காரணம் எதையும் சொல்லாதீர்கள். நீங்கள் அரசுப் பணியில் இருப்பதால், வேறு தொழில் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நடத்தை விதியைக் காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அது உண்மைதான், ஆனாலும் அதை முதன்மைக் காரணமாக வைக்காதீர்கள். “அப்படியென்றால் மாப்பிள்ளை பேரில் ஐ.டி. போட்டுக்கொள், இல்லையென்றால் உன் மாமியார் பேரில் போடு” என்ற பதில் உடனே வரும். உங்கள் அலுவலகத்திலேயே மனைவி பேரில், அம்மா பேரில் ஐ.டி. வைத்திருப்பவர்கள் இருக்கக்கூடும். அதன் பிறகு, வேலையைக் காரணம் காட்டியது வெறும் சாக்கு என்று சித்திக்குத் தெரிந்துவிடும். அது நேரடியான மறுப்பைக் காட்டிலும் அதிகமாக நோகும்.

கணக்கை ஒரு முறை உங்களுக்காக மட்டும் போட்டுப் பாருங்கள். கடிதத்தில் எழுதுவதற்காக அல்ல, எழுதும்போது உங்கள் கை நடுங்காமல் இருப்பதற்காக. முதல் மாதம் ரூ.16,800, அடுத்த பதினொரு மாதங்களுக்கு ரூ.2,500 வீதம் ரூ.27,500, ஆக ஓர் ஆண்டில் ரூ.44,300 உங்கள் கையை விட்டுப் போகும். பதிலுக்குப் பொருள் வருகிறதே என்பார்கள். சோப்பு, பற்பசை, சத்துப் பவுடர் என்று உங்கள் வீட்டில் உண்மையிலேயே செலவாவது மாதம் ரூ.900 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.10,800. மீதி ரூ.33,500, திட்டத்தில் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியிருக்கவே மாட்டாத பொருள்களுக்கான பணம். அது பரணில் அட்டைப்பெட்டியாக இருக்கும். அந்தத் தொகையை ஜோடிக்கு ரூ.800 வீதம் மீட்க வேண்டுமென்றால் 42 ஜோடிகள் வேண்டும். அதாவது உங்களுக்குக் கீழே இடப்பக்கம் 42 பேர், வலப்பக்கம் 42 பேர், மொத்தம் 84 பேர் ஓராண்டுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதும் நீங்கள் லாபம் பார்க்கவில்லை. போட்டதை எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த 84 பேரும் தங்கள் பணத்தை எடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்குக் கீழேயும் அதே போல ஆள் வர வேண்டும் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒருவருக்குக் கீழே இரண்டு, இரண்டுக்குக் கீழே நான்கு என்று ஏழு வரிசை போட்டால் மொத்தம் 127 பேர். அவர்களில் 64 பேர் கடைசி வரிசையில், தங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாமல் இருப்பார்கள். வரிசையை எத்தனை நீட்டினாலும் இது மாறாது; எந்த நாளில் நிறுத்திப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பணம் போட்டவர்களாக மட்டுமே இருப்பார்கள். உங்களுக்குக் கீழே வரப்போகிறவர்கள் யாரென்றால் உங்கள் அலுவலகத் தோழி, உங்கள் நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா. இன்று சித்தியிடம் நீங்கள் நிற்கிற இடத்தில் நாளை அவர்கள் உங்களிடம் நிற்பார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சித்தி உங்களை அழைக்கிற நாள்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாதத்தின் கடைசி வாரமாக இருக்கும். மாதாந்தரக் கணக்கை முடிக்கிற நாளை அவர்கள் ‘க்ளோசிங்’ என்பார்கள். அன்றைக்குள் ஒரு பக்கம் ஆள் சேர்ந்து மறுபக்கம் சேராவிட்டால் ஜோடி அமையாது. அந்த மாதத்துக்கு வேண்டிய புள்ளிகளும் குறைந்துவிடலாம். அப்போது மேலே இருப்பவர் அவரை அழைப்பார், அவர் உங்களை அழைப்பார். அந்த வாரத்தில் அவர் குரலில் தெரிகிற அவசரமும், சில சமயம் சுருக்கென்று விழுகிற வார்த்தையும், உங்கள் மேல் வந்தவை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பதிலிலும் சூடு ஏறாது.

அந்தப் பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள் என்பது என் யோசனை. நம் ஊரில் பெரியவர்களுக்கு மறுப்பை எழுதி அனுப்புவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உண்டு. வழக்கமாக நானும் நேரில் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தத் தொழிலில் தயங்குகிறவரிடம் பேசும்போது மேலே இருப்பவரையும் அதே அழைப்பில் இணைத்துக்கொள்வது பழக்கம். நீங்கள் சித்தியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓர் அந்நியக் குரல் “வணக்கம் மேடம்” என்று நுழையும். எழுத்தில் அது நேராது. அவருடைய தனி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், குடும்பக் குழுவில் வேண்டாம். அவர் அதை மேலே இருப்பவரிடம் காட்டவும் கூடும் என்று எண்ணியே எழுதுங்கள். திட்டத்தையோ நிறுவனத்தையோ பற்றி ஒரு குறை எழுதினாலும், அந்தக் குறைக்குப் பதில் தயாராகி, அடுத்த நாளே ஒரு காணொளி உங்களுக்கு வந்து சேரும்.

கீழே இருப்பது ஒரு மாதிரிதான். அதில் வரும் எலுமிச்சைச் சாதமும் கண் பரிசோதனையும் நான் வைத்தவை. அந்த இடங்களில் உங்கள் நினைவில் உள்ளதை, உண்மையானதை வையுங்கள்.

“அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சொன்ன திட்டத்தைப் பற்றி நன்றாக யோசித்துவிட்டேன். நான் அதில் சேரப் போவதில்லை, சித்தி. என் பெயரிலும் வேண்டாம், அவர் பெயரிலும் வேண்டாம், அத்தை பெயரிலும் வேண்டாம். இந்த மாதத்துக்கு என்று மட்டும் இதைச் சொல்லவில்லை, எப்போதைக்குமாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு மாதமாக நேரமில்லை என்றும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது என் தவறு. உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இழுத்துவிட்டேன். அதை நம்பி எனக்காக இடம் வைத்துக் காத்திருந்தீர்கள் என்றால் என்னை மன்னித்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களையும் கூட வேலை பார்ப்பவர்களையும் எதிலும் சேர்த்துவிடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யார் வந்து எதைக் கேட்டாலும் அவர்களுக்கும் இதே பதில்தான். நீங்கள் செய்வதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நான் காலேஜ் போன மூன்று வருஷமும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தீர்கள்; பரீட்சை நாளில் சித்தப்பா சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்கிற உரிமையும் நீங்கள் கொடுத்ததுதான் என்று நினைத்துத்தான் உங்களிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குக் கண் பரிசோதனை தள்ளிக்கொண்டே போகிறது என்று தம்பி சொன்னான். வரும் பத்தாம் தேதி சனிக்கிழமை நான் வந்து கூட்டிப்போகிறேன். பிள்ளைகளும் வருவார்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் கையால்தான்.

உங்கள் மகள்.”

இந்தக் கடிதத்தில் ‘சேரப் போவதில்லை’ என்ற சொல் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நலம் விசாரித்து, வெயிலைப் பற்றி எழுதி, கடைசியில் மறுப்பை வைப்பதுதான் மரியாதை என்று நமக்குப் பழகியிருக்கிறது. ஆனால் அப்படி எழுதினால், அதற்கு முன் நீங்கள் எழுதிய அன்பான வரிகள் அனைத்தும் மறுப்புக்குப் பூசிய சர்க்கரையாக அவருக்குத் தெரியும். மறுப்பை முதலில் சொல்லி முடித்துவிட்டால், அதற்குப் பின் வரும் எலுமிச்சைச் சாதம் எலுமிச்சைச் சாதமாகவே இருக்கும்.

மாமியாரின் பெயரையும் உங்கள் கணவர் பெயரையும் சேர்த்து மறுத்திருப்பதற்குக் காரணம் மேலே சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருப்பது தாமதத்துக்கு மட்டும், மறுத்ததற்கு அல்ல. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து கலைத்துவிடாதீர்கள். “சேர முடியாததற்கு மன்னித்துவிடுங்கள்” என்று எழுதினால், சேராமல் இருப்பது நீங்கள் செய்த குற்றம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். குற்றத்துக்குப் பரிகாரமும் கேட்கப்படும்.

நன்றிக்கடனைப் பற்றிய பத்திதான் எனக்கே எழுதக் கடினமாக இருந்தது. நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு யார் எவ்வளவு வைத்தார் என்று அதில் பார்த்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைவிடச் சற்றுக் கூட வைக்கிறோம். மூன்று ஆண்டுச் சோறு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத கடன் என்பதால்தான், எப்போது எதைக் கேட்டாலும் அதன் பேரில் கேட்பதாக நமக்குத் தோன்றுகிறது. உங்கள் சித்தி வாய்விட்டு அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டார். அதனால் கடிதத்தில் அந்த அன்பை நீங்களே பெயர் சொல்லி எடுத்துவைக்கிறீர்கள், உடனே அதற்கு ஒரு வேறு வழியையும் காட்டுகிறீர்கள். அந்த வழிக்குத் தேதி இருக்க வேண்டும். “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்பது யாரும் கூப்பிடாத அழைப்பு. பத்தாம் தேதி சனிக்கிழமை என்றால் அவர் அரிசியை ஊறவைக்கத் தொடங்கிவிடுவார். மாதக் கடைசியை விட்டுவிட்டு முதல் பதினைந்து நாள்களுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். க்ளோசிங் முடிந்த பிறகு அவருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும்.

பதில் எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “ஒரே ஒரு தடவை மீட்டிங்குக்கு மட்டும் வா, சேர வேண்டாம்” என்பார். போகாதீர்கள். மண்டபத்தில் இருநூறு பேர் கைதட்டும்போது, உங்களை அழைத்து வந்தவர் என்ற முறையில் சித்தியும் எழுந்து நிற்க, அங்கே வேண்டாம் என்று சொல்வது இப்போது சொல்வதைவிடப் பத்து மடங்கு கடினம். அங்கே சொன்னால் அவருக்குத் தலைகுனிவும் கூட. “மீட்டிங்குக்கு வரவில்லை சித்தி, வீட்டுக்கு வருகிறேன்” என்ற ஒரு வரி போதும். அவர் மறுபடி கேட்டாலும் அதே வரியைச் சொல்லுங்கள். புதிதாக ஒரு விளக்கம் சேர்த்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு மீண்டும் தொடங்கும்.

அடுத்தது, “சரி, பொருளாவது வாங்கிக்கொள்.” இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருளை, அட்டையில் அச்சிட்ட விலைக்கு, சித்தியிடமிருந்து ரொக்கம் கொடுத்து எப்போதாவது வாங்குவது, தெரிந்தவர் கடையில் வாங்குவது போலத்தான். அதற்கு ஓர் எல்லையை முன்பே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ரூ.300-க்குள், என்பது போல. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சு வரும்: “எதற்கு முழு விலை கொடுக்கிறாய், ஓர் ஐ.டி. மட்டும் போட்டுக்கொள், ஆள் சேர்க்க வேண்டாம், உறுப்பினர் விலைக்கே கிடைக்கும்.” அந்த ஐ.டி. போடுவதுதான் சேருவது. ஆதார் நகல், பான் எண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றில் எதைக் கொடுத்தாலும் சித்தியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ உங்கள் பெயர் ஏறிவிடக்கூடும். சேராமல் சேர்ந்தவர்கள் என்று நான் சந்தித்தவர்கள் பலரும் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

மூன்றாவது பதில், பதிலே இல்லாமல் இருப்பது. இரண்டு நீல டிக் விழுந்து, பிறகு ஒன்றும் வராது. அதற்குப் பயந்து மறுபடி விளக்கம் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, வேறு ஏதாவது சின்ன விஷயத்துக்கு அழையுங்கள். புளிக்காய்ச்சலுக்கு எள் வறுத்துப் போடுவதா பச்சையாகப் போடுவதா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து எந்தச் சித்தியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

இனி அந்த மகளிர் குழுக் கடன். இது உங்களுக்குச் சித்தி சொன்ன செய்தி அல்ல, தம்பி தனியாகச் சொன்னது. ஆகவே கடிதத்தில் அதன் நிழல் கூட விழக் கூடாது. நீங்கள் ரூ.16,800 போட்டால் சித்தி கடனிலிருந்து மீண்டுவிடுவார் என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் இருக்கலாம். நீங்கள் சொன்ன கணக்குப்படி, நீங்கள் சேருவதால் அவருக்கு ஜோடியின் ஒரு பக்கம்தான் நிறையும். இரு பக்கமும் நிறைந்தாலே ரூ.800. உங்கள் கையிலிருந்து போகும் பதினாறாயிரத்து எண்ணூறில் அவர் கைக்குப் போவது அவ்வளவுதான். அவருக்கு உதவ வேண்டும் என்று மனம் இருந்தால், அதே பணத்தில் ஒரு பகுதியை நேராக அவர் குழுத் தவணைக்குக் கொடுப்பது பல மடங்கு பயன். அதைக் கூட இப்போதே செய்யாதீர்கள். மறுத்த கையோடு பணத்தை நீட்டினால் விலை கொடுத்ததாகிவிடும். சித்தப்பாவின் மருந்துச் செலவு, தீபாவளிப் புடவை என்று அவர் வாங்கிக்கொள்ளக்கூடிய வடிவத்தில், சில வாரம் கழித்துச் செய்யுங்கள்.

திட்டம் சட்டப்படி சரியானதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் சித்தியே உங்களிடம் கேட்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளை விற்று அதில் வருமானம் பெறுகிற நேரடி விற்பனை இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட தொழில். ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் பிறக்கிற பிரமிடுத் திட்டத்தை 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. ஆள் சேர்வதைப் பொறுத்துப் பணம் வரும் என்று சொல்கிற பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே தடை செய்திருக்கிறது. அதன்படி நடத்துபவர் மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்ந்து பங்கெடுப்பவரும் குற்றத்துக்கு உள்ளாகலாம். ஒரு திட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க எளிய வழி, அதில் இருப்பவரிடம் “போன மாதம் உங்களுக்குக் கீழே யாரும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டால், பொருள் விற்றதில் மட்டும் எவ்வளவு வந்தது?” என்று கேட்பது. பதில் ரூபாயில் வந்தால் ஒரு மாதிரி, கார் வாங்கியவரின் கதையாக வந்தால் வேறு மாதிரி.

சித்தி சேர்ந்து சில நாள்கள்தான் ஆகியிருந்து, அவராகவே தயங்கத் தொடங்கினால், அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். சேர்ந்தவர் மறுபரிசீலனை செய்து அபராதமின்றி விலகுவதற்கான கால அவகாசமும் விதிகளில் உண்டு. அது எத்தனை நாள், பிரிக்காத பொருளைத் திருப்பி எடுப்பதற்கு என்ன நிபந்தனை என்பவை ஒப்பந்தத்தில்தான் இருக்கும். நிறுவனம் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் இவை அனைத்தும் அவர் கேட்ட பிறகு. கேட்காதபோது சொன்னால், மகள் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஒரே ஒரு நிலையில் இந்தப் பக்குவத்தையெல்லாம் நீங்கள் ஓரமாக வைக்கலாம். நகையை அடகு வைத்தோ, குழுவில் மற்றவர்களின் பேரில் கடன் எடுத்தோ இரண்டாவது முறை பணம் போடப் போகிறார் என்று தெரிந்தால், சித்தப்பாவிடமும் தம்பியிடமும் பேசுங்கள். சித்தியிடமும் நேரில், ஒளிவில்லாமல் பேசுங்கள். அப்போது அவர் கோபித்துக்கொள்வார்; அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தம்பி உங்களிடம் தனியாகச் சொன்னதே, அந்த வீட்டில் வேறு யாரும் கேட்கிற நிலையில் இல்லை என்பதால் இருக்கலாம். பத்தாம் தேதி போகும்போது அவனிடம் தவணை தவறாமல் போகிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

அன்று போனவுடன் சித்தி தன்னுடைய சத்துப் பவுடரைப் பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார். வேண்டாம் என்று கையால் தடுக்காதீர்கள், குடிக்கட்டும். உங்களுக்கும் ஒரு டம்ளர் வரும். எப்படி இருக்கிறது என்று கேட்டால், இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள்.